சேந்துகிணறு உள்ள வீட்டில் எலி, கரப்பான், செல்லு: அட்டையின் பின்பக்கம் பார்த்து மருந்து வாங்குவது

கோபியிலோ பெருந்துறையிலோ பூச்சிமருந்துக் கடை முன்னால் சாயங்காலம் சிறிது நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்.

"ஏனுங்க, எலி மருந்து ஒண்ணு குடுங்க. நல்லா வேகமானதா இருக்கோணும்."

"வீட்டுக்குங்களா, தோட்டத்துக்குங்களா?"

"எல்லாத்துக்குந்தானுங்க."

கடைசிப் பதிலில்தான் வினை இருக்கிறது. வரப்பு வளைக்குள் போடுகிற மருந்து வேறு, குழந்தை தவழுகிற ஆசாரத்துக்குப் பக்கத்தில் வைக்கிற மருந்து வேறு. இரண்டு அட்டையிலும் எலிப் படம்தான் இருக்கும். வித்தியாசம் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், ஒரு வேதிப்பெயரும் அதன் பக்கத்தில் ஒரு சதவீதமுமாக இருக்கும். செயல்படும் பொருள் என்பது அதுதான். முன்பக்கத்துப் பெயரை மறந்துவிட்டு அந்த வரியைப் படித்தால் மூன்று விஷயம் தெரிந்துவிடும்: தவறி வாய்க்குள் போனால் மாற்று மருந்து உண்டா, காற்றில் கலந்து பக்கத்து அறைக்குப் போகுமா, தண்ணீரோடு சேர்ந்து கிணற்றுக்கு இறங்குமா. வீட்டுக்கு மருந்து எடுப்பவர் வேகத்தைக் கேட்பதற்கு முன்னால் இந்த மூன்றையும் கேட்க வேண்டும்.

பேச்சுக்கு ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். கோபிப் பக்கம் எத்தனையோ ஊரில் இருக்கிற மாதிரி வீடுதான். முன்பக்கம் பனஞ்சட்டம் போட்ட ஓட்டு வீடு, பின்பக்கம் பிறகு கட்டிய தார்சு சமையலறை. அட்டாலியில் நெல்லும் நிலக்கடலையும் மூட்டையாகக் கிடக்கின்றன. பொடக்காலியில் சேந்துகிணறு, சுவரிலிருந்து பன்னிரண்டடி தூரம். அதைத் தாண்டிக் கட்டுத்தறி, ஒரு எருமை, ஏழெட்டுக் கோழி, ஒரு நாய். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. அட்டாலியில் எலி, சமையலறையில் சின்னக் கரப்பான், ஆசாரத்துச் சுவரில் செல்லு என்கிற கரையான்.

எலியிலிருந்து ஆரம்பிக்கலாம், ஆபத்து அதிகம் அங்கேதான்.

ஈரோட்டுச் சுற்றுவட்டாரத்தில் மஞ்சள் குடோன்களில் புகைமூட்டம் போட அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை பயன்படுகிறது. மூடிய கிடங்கில், பயிற்சி பெற்ற ஆட்கள் மட்டும் கையாள வேண்டிய பொருள் அது. கடையில் யாருக்கும் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் குடோனில் வேலை செய்யும் தெரிந்தவர் மூலமாக நாலு மாத்திரை வீட்டுக்கு வந்து, எலி வளைக்குள் போட்டு மண்ணால் அடைக்கப்படுவதும் நடக்கிறது. ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் என்ற வாயுவாக மாறும். எலி வளை எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. அஸ்திவாரக் கல் இடுக்கு வழியாகப் படுக்கும் அறைக்குள்ளேயே அது திறந்திருக்கலாம். இரவு கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தால் வாயு வெளியே போக வழியில்லை. பாஸ்பீனுக்கு மாற்று மருந்து கிடையாது. மருத்துவமனையில் மூச்சுக்கும் இதயத்துக்கும் துணை கொடுக்கலாம், அவ்வளவுதான். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்கு மருந்து வைத்த வீட்டில் இரவு ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். மருந்து வைத்தது பூச்சிக்கட்டுப்பாட்டு வேலைக்கு வந்த ஆட்கள்தான். ஆகவே ஆள் வைத்துச் செய்தாலும் என்ன பொருள் வைக்கிறார்கள் என்று பெயரைக் கேட்டே ஆக வேண்டும். "பாஸ்பைடு" என்று முடிகிற எதுவும் ஆட்கள் தூங்குகிற கட்டடத்துக்குள் வரக் கூடாது.

துத்தநாக பாஸ்பைடும் அதே வகையறாதான். சிங்க் பாஸ்பைடு 80 சதவீதம் என்று அட்டையில் இருக்கும். கருஞ்சாம்பல் நிறப் பொடி, பூண்டு வாடை அடிக்கும். எலி தின்றதும் வயிற்றுப் புளிப்பில் பாஸ்பீன் உண்டாகி மணிக்கணக்கில் சாகும். பொரியும் எண்ணெயும் கலந்து வயலில் வைப்பது இதைத்தான். வீட்டில் இது இரண்டு விதத்தில் தோற்கிறது. முதலாவது, அந்த ஒரு பொட்டலம் சமையலறையில் பிரிந்து கிடந்தால் என்ன ஆகும் என்பது. இரண்டாவது, எலியின் குணம். கொஞ்சம் தின்று வயிற்று வலியோடு பிழைத்த எலி அந்தச் சுவையை மறக்காது, அடுத்த முறை அந்தப் பக்கமே வராது. மருந்து வைப்பதற்கு முன்னால் இரண்டு மூன்று நாள் வெறும் பொரி வைத்துப் பழக்குவது இதனால்தான். வீட்டில் அந்தப் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை. முதல் ராத்திரியே விஷம் வைத்து, ஒரு எலி செத்து, மீதி எல்லாம் உஷாராகிவிடும்.

மூன்றாவது, டியூபில் வந்த பசை. மஞ்சள் பாஸ்பரஸ் 3 சதவீதம். தமிழ்நாடு அரசு இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. ஆனால் பழைய டியூப் அட்டாலி மூலையிலோ மாடப்பிறையிலோ இன்னும் கிடக்கலாம், தேடிப் பாருங்கள். இதில் பயங்கரம் என்னவென்றால், உள்ளே போன பிறகு முதலில் வாந்தி, வயிற்று வலி வந்து, பிறகு ஒன்றிரண்டு நாள் ஆள் தேறிவிட்ட மாதிரி இருக்கும். "சரியாயிருச்சு" என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவார்கள். அதற்குப் பின்னால்தான் மஞ்சள் காமாலையாகக் கல்லீரல் சேதம் வெளியே தெரியும். இதற்கும் மாற்று மருந்து இல்லை. கிடைத்த டியூபைத் திறக்காமல், சாக்கடையில் போடாமல், அடுப்பில் போடாமல், மூடியோடு ஒரு டப்பாவில் வைத்து, நகராட்சியோ பேரூராட்சியோ அபாயகரமான வீட்டுக் குப்பையைத் தனியாக வாங்குகிற இடத்தில் கொடுங்கள்.

மிச்சமிருப்பது புரோமடியோலோன் 0.005 சதவீதம், எலி கேக் என்று கடையில் கிடைப்பது. தென்னந்தோப்பில் குருத்துப் பக்கம் எலிக்கு வைப்பதும் இதே கேக்தான் என்பதால் பொள்ளாச்சிக்காரர்களுக்கு நன்றாகப் பழக்கம். ஒரு கிராம் கேக்கில் இந்தப் பொருள் 0.05 மில்லிகிராம்தான் இருக்கிறது. ஒரு கிராம் சிங்க் பாஸ்பைடு பொடியில் 800 மில்லிகிராம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே எதைக் குழந்தையுள்ள வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்று விளங்கும். புரோமடியோலோன் ரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்கிறது. கால் கிலோ எலி ஏறக்குறைய ஆறு கிராம் தின்றால் போதும், ஆனால் சாக நாலைந்து நாள் ஆகும். இந்தத் தாமதம்தான் அதன் பலம். தின்றதற்கும் சாவதற்கும் எலியால் முடிச்சுப் போட முடியாது, அதனால் மற்ற எலிகளும் தொடர்ந்து தின்னும். மனிதருக்கும் நாய்க்கும் மாற்று மருந்து உண்டு, வைட்டமின் கே1. வாரக்கணக்கில் கொடுக்க வேண்டி வரலாம் என்றாலும் மருந்து என்று ஒன்று இருக்கிறது.

இதே புரோமடியோலோன் 0.25 சதவீதப் பொடியாகவும் விற்கிறது. தானியத்தில் கலந்து நாமே இரை தயாரிக்கிற அடர்மருந்து அது, கேக்கைவிட ஐம்பது மடங்கு காரம். பெயரை மட்டும் பார்த்து சதவீதத்தை விட்டுவிட்டால் இதுதான் கைக்கு வரும். வீட்டுக்குக் கேக் போதும்.

இனி அந்த வீட்டில் எங்கே வைப்பது? ஓட்டு வீட்டுக்குள் கேக் வைக்க வேண்டாம் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. மருந்து தின்ற எலி ஓட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் போய்ச் செத்தால், நாற்றம் அடங்க இரண்டு வாரம் ஆகும், எடுக்கவும் முடியாது. உள்ளே பொறி, வெளியே கேக். அட்டாலியில் ஒரு பொறி வைத்துவிட்டுக் காத்திருப்பது வீண். ஆறு பொறியாவது ஒரே சமயத்தில் வேண்டும். சுவரோரமாக, இரை வைத்த முனை சுவரைத் தொடுகிற மாதிரிக் குறுக்காக வையுங்கள், ஏனென்றால் எலி சுவரை ஒட்டியே ஓடும். இரைக்குச் சுட்ட தேங்காய்ச் சில்லு அல்லது கருவாடு. அட்டாலி முழுக்க நிலக்கடலை கிடக்கும்போது பொறியிலும் நிலக்கடலை வைத்தால் எலிக்கு அதில் என்ன புதுசு? வீட்டெலிக்குப் புதுப்பொருளைக் கண்டால் பயம். அதனால் முதல் மூன்று ராத்திரி இரையை வைத்துப் பொறியை விறைக்காமல் விட்டுவிடுங்கள். தின்னப் பழகிய நாலாம் ராத்திரி எல்லாப் பொறியையும் ஒன்றாக விறைத்தால் அன்றைக்கே பெரும்பங்கு விழும்.

வெளியே, பூட்டுகிற மருந்துப் பெட்டிக்குள் கம்பியில் கோத்துத்தான் கேக் இருக்க வேண்டும். வெறுங்கேக்கைக் கட்டுத்தறி மூலையில் வீசினால் முதலில் கொத்துவது கோழி. வைக்கோற்போரிலும் தீவனத் தொட்டிக்குப் பக்கத்திலும் கூடவே கூடாது. எலி கேக்கை இழுத்துக்கொண்டு போய் ஒளித்து வைக்கும், கம்பியில் கோப்பது அதற்காகவும்தான். வீட்டெலிக்குப் பத்துப் பதினைந்தடிக்கு ஒரு பெட்டி, சுவரோரமாக, கிணற்று மேடையை விட்டுத் தள்ளி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பார்த்துத் தின்ற அளவுக்கு நிரப்புங்கள். முதல் இரண்டு நாள் தொடாமல் இருந்தால் இடம் மாற்றாதீர்கள். இரண்டு வாரத்தில் தின்பது நின்றுவிடும். நின்றதும் மீதியை எடுத்துவிட வேண்டும். மருந்து தின்ற எலி தள்ளாடிக்கொண்டு வெளிச்சத்துக்கு வரும், அதை நாயும் ஆந்தையும் பிடிக்கும். ஆகவே அந்த இரண்டு வாரமும் காலையில் சுற்றிப் பார்த்து, செத்ததைக் கையுறை போட்டு எடுத்து, இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும். நாயைக் கட்டிப்போடுவது நல்லது.

எத்தனை நாளானாலும் கேக் தொடாமலே இருந்து, "கீச் கீச்" சத்தமும் நாற்றமும் மட்டும் இருந்தால் அது மூஞ்சூறாக இருக்கலாம். மூக்கு கூராக நீண்டிருக்கும். பூச்சி தின்கிற பிராணி, எலி இனமே இல்லை. அதற்கு மருந்து வைக்க வேண்டியதில்லை, கதவடி இடுக்கை அடைத்தால் போதும்.

யார் வாயிலாவது எந்த எலி மருந்தாவது போய்விட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். புரோமடியோலோனில் ரத்தக்கசிவு தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும், அதனால் இன்றைக்கு நன்றாக விளையாடுகிற குழந்தைக்கும் ரத்தம் உறையும் நேரத்தைப் பரிசோதிக்க வேண்டும், 48 மணி நேரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். 108-ஐக் கூப்பிட்டு, அட்டையையோ டியூபையோ கையோடு எடுத்துப் போங்கள். டாக்டருக்கு "எலி மருந்து" என்ற சொல் உதவாது, பின்பக்கத்து வரிதான் உதவும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய விஷத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

சமையலறைக்கு வருவோம். முதலில் எந்தக் கரப்பான் என்று பாருங்கள். சாக்கடையிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் ஏறி வருகிற செங்கபிலப் பெரிய கரப்பானுக்கு ஜெல் வைத்துப் பயனில்லை. அது வீட்டில் குடியிருப்பதில்லை, வந்து போகிறது. தண்ணீர் போகிற துளைக்கு வலையும் மூடியும் போட்டால் பாதிக்கு மேல் தீர்ந்தது. அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடு ஓடுகிற சின்னக் கரப்பான்தான் அலமாரிக்குள்ளேயே குடும்பம் நடத்துவது. ஜெல் அதற்குத்தான்.

கடையில் பெரும்பாலும் இரண்டு பொருளில் ஜெல் கிடைக்கும்: ஃபிப்ரோனில் 0.05 சதவீதம், இமிடாகுளோபிரிட் 2.15 சதவீதம். இரண்டும் தின்ற உடனே கொல்லாமல், கரப்பான் இடுக்குக்குத் திரும்பிப் போக நேரம் கொடுக்கும். அங்கே செத்ததையும் அதன் எச்சத்தையும் மற்றவை தின்று சாகும். வெளியே வராத குஞ்சுகளுக்கு மருந்து போய்ச் சேருவது இந்த வழியில்தான். பத்துக்குப் பத்து சமையலறைக்குத் துவரம்பருப்பு அளவில் இருபது பொட்டு போதும், மொத்தம் இரண்டு கிராம். ஃபிப்ரோனில் ஜெல்லாக இருந்தால் அந்த இருபது பொட்டிலும் சேர்த்து மருந்துப் பொருள் ஒரு மில்லிகிராம்தான். அடுப்பங்கரை முழுக்க ஸ்பிரே அடித்து, அதே மேடையில் சப்பாத்தி தேய்ப்பதோடு ஒப்பிட்டால் ஜெல் எவ்வளவோ மேல். ஆனால் பெரிய பொட்டாக நாலைந்து இடத்தில் அப்புவதில் பலன் இல்லை. சின்னக் கரப்பான் தன் இடுக்கிலிருந்து அதிக தூரம் போகாது. நிறையப் பொட்டு, சின்னப் பொட்டு, இடுக்குக்கு வெகு பக்கத்தில், இதுதான் முறை.

இடம் என்றால் அலமாரிக் கதவுக் கீல், சிங்குக்கு அடியில் குழாய் சுவருக்குள் போகும் துளை, பிரிட்ஜின் பின்பக்கம், கேஸ் அடுப்பு மேடையின் அடிவிளிம்பு. நம் ஊர் வீடுகளில் தப்பாமல் பார்க்க வேண்டியது வெட் கிரைண்டரின் அடிப்பாகம். மோட்டார்ச் சூடும், சிந்திய மாவும், இருட்டும் ஒரே இடத்தில் கிடைக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சாய்த்துப் பாருங்கள், மிளகுப்பொடி தூவியது போல் எச்சம் இருந்தால் கூட்டம் அங்கேதான். மாவு படாத வெளிச்சட்டத்தின் அடியில் மூன்று நாலு பொட்டு வையுங்கள். குழந்தை கை எட்டுகிற உயரத்தில் திறந்த இடத்தில் ஒரு பொட்டும் வேண்டாம்.

ஜெல் வேலை செய்யாததற்குக் காரணம் பெரும்பாலும் மருந்தில் இல்லை. ஜெல் வைத்த மறுநாள் ஒன்றிரண்டு கரப்பான் பகலில் மயங்கி வெளியே வரும். அதைப் பார்த்துப் பயந்து ஸ்பிரே அடித்துவிடுவார்கள். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மாதிரியான ஸ்பிரேப் பொருள்கள் கரப்பானை விரட்டும். ஸ்பிரே பட்ட இடத்துக்கு அது வராது, ஜெல்லும் தீண்டப்படாமல் காயும். பினாயில் போட்டு அலமாரியைத் துடைப்பதும் இப்படித்தான் கெடுக்கும். ஜெல் இருக்கும் வரை இரண்டும் வேண்டாம். இன்னொன்று, டைக்ளோர்வாஸ் என்ற பழைய மருந்தைச் சிலர் இன்னும் கேட்டு வாங்கப் பார்க்கிறார்கள். இந்தியாவில் 2020 டிசம்பர் 31-உடன் அது முடிந்துபோன பொருள். பழைய பாட்டிலை யாராவது கொடுத்தாலும் சமையலறைக்குள் விடாதீர்கள்.

முதல் வாரத்திலேயே எண்ணிக்கை நன்றாகக் குறையும். ஆனால் பெண் கரப்பான் முப்பது நாற்பது முட்டை கொண்ட பையை, பொரியும் தறுவாய் வரை, வாலில் சுமந்துகொண்டே திரியும். பொரிய நாலு வாரம் பிடிக்கும். முட்டைக்குள் மருந்து போகாது. ஆகவே மூன்று வாரம் கழித்துக் காய்ந்த பொட்டுகளைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பொட்டு வைத்தே தீர வேண்டும். இந்த இரண்டாவது சுற்றை விட்டவர்கள்தான் "ஜெல்லு வேலைக்காவாதுங்க" என்பவர்கள். கரப்பான் பொட்டு வரை வந்து, மீசையால் தொட்டுவிட்டு, தின்னாமல் திரும்பினால் விஷயம் வேறு. இனிப்பையே வெறுக்கிற கரப்பான் கூட்டங்கள் உலகில் பல இடங்களில் உருவாகியிருக்கின்றன, 1990-களிலேயே ஆய்வாளர்கள் கண்டறிந்தது இது. அப்போது பொருளையும் மாற்றுங்கள், கம்பெனியையும் மாற்றுங்கள். பொருள் மாறி இரைப்பசை அதே இனிப்பாக இருந்தால் பலன் இருக்காது.

இனிச் செல்லு. ஆசாரத்துச் சுவரில் மண்கோடு ஏறி, பனஞ்சட்டத்தைத் தொட்டிருக்கிறது. ஆள் வருகிறார், "மொத்த வீட்டுக்கும் அடிச்சுத் தரேனுங்க" என்கிறார். அவரிடம் கேட்க வேண்டியது இரண்டு: என்ன பொருள், எத்தனை லிட்டர்.

குளோர்பைரிபாஸ் 20 சதவீதம் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது, விலையும் குறைவு. ஆனால் நரம்பைத் தாக்கும் ஆர்கனோபாஸ்பேட் வகை, மண்ணெண்ணெய் மாதிரி வாடை வாரக்கணக்கில் நிற்கும். குழந்தை படுக்கும் அறைக்கு அது வேண்டாம் என்போம். பைஃபென்த்ரின் செல்லை விரட்டும் வகை. மண்ணில் இறுகப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரில் ஏறக்குறைய கரையாது. ஆனால் ஒரு கை அகலம் மருந்து படாமல் விட்டுப்போனாலும் செல்லு அந்த வழியைக் கண்டுபிடித்து உள்ளே வரும். இமிடாகுளோபிரிட் 30.5 சதவீதம் வாடையில்லாதது, செல்லுக்கு அங்கே மருந்து இருப்பதே தெரியாது. மண்ணில் நடந்து போகிறபோது உடம்பில் ஏற்றிக்கொண்டு கூட்டத்துக்கும் பரப்பும். வீட்டுக்குள் தரைக்கு அடியில் போட இதுவே எங்கள் தேர்வு. கரப்பான் ஜெல்லில் இருந்த அதே பொருள்தான், அடர்த்தியும் வேலையும் வேறு.

கணக்கு இப்படி. கட்டி முடித்த வீட்டுக்கான ஐஎஸ் 6313 தரக் குறிப்பின்படி, சுவரும் தரையும் சேருகிற இடத்தில் 12 மில்லிமீட்டர் துளை, 30 சென்டிமீட்டருக்கு ஒன்று. துளைக்கு, மண் குடிக்கிற வரை, அதிகபட்சம் ஒரு லிட்டர் கரைசல். பன்னிரண்டுக்குப் பத்தடி அறையின் சுற்றளவு 44 அடி, ஏறக்குறைய 45 துளை, 45 லிட்டர். இமிடாகுளோபிரிட் லிட்டருக்கு 2.1 மில்லி, அந்த ஒரு அறைக்கு ஏறக்குறைய 95 மில்லி. குளோர்பைரிபாஸ் 20 சதவீதமாக இருந்தால் ஒரு பங்குக்குப் பத்தொன்பது பங்கு தண்ணீர், அதாவது இரண்டே கால் லிட்டர் மருந்து. பதினாறு லிட்டர் கைத்தெளிப்பான் ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து முழு வீட்டையும் ஒரு மணி நேரத்தில் முடிக்கிறவர் என்ன செய்துவிட்டுப் போகிறார் என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். சுவர் மேல் தெளித்தால் மண்கோட்டில் இருக்கிற வேலைக்காரச் செல்லு சாகும், மண்ணுக்கடியில் இருக்கிற கூட்டம் அப்படியே இருக்கும், வேறு மூலையில் ஏறும். சீல் உடைக்காத பாட்டிலை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். துளை போடுமுன் தரைக்கடியில் தண்ணீர்க்குழாயோ மின்கம்பியோ போகிறதா என்று சொல்லுங்கள். வேலை முடிந்து துளைகளை வெள்ளைச் சிமெண்டால் அடைத்து, தரை காய்ந்து, ஒரு நாள் கழிந்த பிறகு குழந்தையை உள்ளே விடலாம்.

கிணற்றுப் பக்கச் சுவரில் மட்டும் துளையே போட வேண்டாம். நம் சீமையில் செம்மண் பல இடத்தில் மெல்லிசுதான். அதற்குக் கீழே வெடிப்பு விட்ட பாறை. வெடிப்புக்குள் இறங்கிய தண்ணீர் மண்ணில் வடிகட்டப்படாமல் நேரே கிணற்றுக்குப் போகும். இமிடாகுளோபிரிட் தண்ணீரில் நன்றாகவே கரைகிற பொருள். வாடையற்றது என்ற நல்ல குணமே இங்கே கெட்டதாகிறது: கிணற்றில் கலந்தாலும் குடிக்கிறவருக்குத் தெரியாது. பைஃபென்த்ரின் கரையாது என்று அதை அங்கே போடச் சொல்வார்கள். வெடிப்பில் மண்ணோடு சேர்ந்து அடித்துப் போனால் கிணற்று மீனெல்லாம் செத்து மிதக்கும், மீனுக்கு அது கொடிய விஷம். பன்னிரண்டடி என்பது இந்த வேலைக்குத் தூரமே அல்ல. அந்தச் சுவருக்கு மருந்தில்லாத வழி இருக்கிறது. குளிக்கிற தண்ணீர் சுவரடியில் தேங்குவதை நிறுத்துங்கள், ஈரம் இல்லாமல் செல்லு அங்கே தங்காது. சுவரை ஒட்டி அடுக்கிய விறகையும் தேங்காய் மட்டையையும் தள்ளி வையுங்கள். அரித்த சட்ட முனையை நல்ல மரம் வரை வெட்டி, வெட்டுவாயில் போரேட் உப்புக் கரைசலை இரண்டு மூன்று முறை ஊறப் பூசி, மண்ணைத் தொடாமல் கல் மேல் உட்காரவையுங்கள். போரேட் மழை படும் மரத்தில் கரைந்து போய்விடும், கூரைக்கடிக் காய்ந்த மரத்துக்கு மட்டும் ஏற்றது.

ஐப்பசி மழைக்கு வீட்டுக்குள்ளேயே தரையிலிருந்தோ நிலவுக்கால் அடியிலிருந்தோ ஈசல் கிளம்பினால் கூட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். விளக்குக்கு வெளியிலிருந்து வருகிற ஈசல் அப்படியில்லை. ஈசலைப் பிடித்து வறுத்துப் பொரியோடு தின்கிற வழக்கமுள்ள வீடுகள், மருந்து போட்ட வருஷம் வீட்டைச் சுற்றிக் கிளம்பியதைத் தின்ன வேண்டாம். மழை முடிந்ததும் பழைய மண்கோட்டை ஓரிடத்தில் விரலளவு உடைத்துவிட்டு நாலைந்து நாள் கழித்துப் பாருங்கள். ஈரமண் வைத்து அடைத்திருந்தால் அந்த இடத்தைச் சுற்றி மட்டும் நாலைந்து துளை போட்டு மறுபடி ஊற்றச் சொல்லுங்கள். உடைத்தது உடைத்தபடி கிடந்தால் அடுத்த மழை வரை அதைத் தொட வேண்டியதில்லை.